பழைய விஎச்எஸ் கேசட்: ஆட்டத்தை நீக்கப் போய், சுவர் தண்ணீர்போல் நெளிகிறது

கரைமணல் (#1)

வணக்கம். 1994-இல் அப்பா எடுத்த ஒரு சின்ன விஎச்எஸ்-சி கேசட் வீட்டில் இருந்தது. அடாப்டரில் வைத்து விசிஆரில் ஓட்டி, மலிவான ஒரு யூஎஸ்பி கருவி வழியாகக் கணினிக்கு மாற்றினேன். மொத்தம் 26 நிமிடம். என் தங்கை முதன்முதலாக நடக்கும் காட்சி அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த கேமரா பழுதாகிவிட்டதால் வேறு பதிவே கிடையாது.

படம் பயங்கரமாக ஆடுகிறது. அப்பாவுக்குக் கை நிற்காது. அது தெரிந்த விஷயம். ஆட்டத்தை நீக்க vidstab போட்டேன். smoothing=100 கொடுத்தேன், கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாக நிற்கும் என்று. விளைவு: தங்கை மிதக்கிறாள், பின்னால் இருக்கும் சுவர் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிகிறது, படத்தின் மூலையில் கேமரா அச்சிட்ட தேதி தனியாக நடனமாடுகிறது. இதற்கு மூலப்படமே தேவலை.

தவிர, நிறம் முழுக்க நீலம் பாரித்திருக்கிறது. பொரிப் பொரியாக இரைச்சலும் உண்டு. எதை முதலில் செய்வது?

வெயிலோன் (#2)

சுவர் நெளிவது ரோலிங் ஷட்டரால் வருவது. கைப்பேசிப் படங்களிலும் இதே நெளிவு வரும், பார்த்திருப்பீர்கள். அதற்கென்று தனி வடிகட்டி எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. அதை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ஆட்டத்தை நீக்குங்கள். smoothing-ஐ 30-க்குக் குறையுங்கள், போதும்.

தாழம்பூ (#3)

யூஎஸ்பி கருவி வாங்கியதே தவறு. நான் போன மாதம் எங்கள் வீட்டு கேசட் பதினொன்றையும் மாற்றினேன். கேமராவிலிருந்தே ஃபயர்வயர் கம்பியைப் பழைய மடிக்கணினியில் செருகினேன். கேசட்டில் இருந்தது அப்படியே கோப்பாக வந்துவிட்டது. நெளிவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பழுதுநீக்கி (#4)

தாழம்பூ, உங்களுடையது மினி டிவி கேசட். அதில் பதிவானதே டிஜிட்டல். அவர் வைத்திருப்பது அனலாக். ஃபயர்வயர் வழியே எடுக்க அதில் எண்களே கிடையாது.

கரைமணல், விசிஆரின் ஹெட் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

தாழம்பூ (#5)

ஓ, சரி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். கேசட்டின் அளவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

சுருள்நாடா (#6)

கரைமணல், உடனே எந்த வடிகட்டியும் போடாதீர்கள். "ஆட்டம்" என்று ஒரே பெயரில் நீங்கள் சொல்வது மூன்று வேறு வேறு கோளாறுகளாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நீங்கள் பார்த்ததுதான் நடக்கும்.

முதலாவது, அப்பாவின் கை. கேமராவே ஆடியது.

இரண்டாவது, நாடாவின் ஆட்டம். விசிஆரில் நாடா ஓடும் வேகமும் இழுவையும் துல்லியமாக ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வரியும் திரையில் தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்காமல், ஒரு மயிரிழை முன்னே பின்னே தொடங்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அதைப் பெரும்பாலும் சமாளித்துக் காட்டிவிடும். கணினிக் கருவி அப்படியே பதிந்துகொள்ளும். நேராக நிற்கவேண்டிய கதவு நிலை பாம்புபோல் தெரிவது இதனால்தான். வெயிலோன், 1994-இன் வீட்டுக் கேமராவில் இருப்பது சிசிடி சென்சார். அது படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிக்கும், கைப்பேசிபோல் வரிவரியாகப் பிடிக்காது. ஆகையால் இது ரோலிங் ஷட்டர் அல்ல. நெளிவு கேமராவில் பிறக்கவில்லை. நாடா ஓடும்போது பிறக்கிறது. smoothing-ஐக் குறைக்கச் சொன்னது மட்டும் சரி.

மூன்றாவது, ஃபீல்டு வரிசை தவறியது. ஒரு ஃபிரேமின் ஒன்றுவிட்ட வரிகள் ஒரு ஃபீல்டு, மிச்ச வரிகள் இன்னொரு ஃபீல்டு; இரண்டும் அடுத்தடுத்த தருணங்களில் பதிந்தவை. இதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள், ஆனால் நான் பார்க்கும் கோப்புகளில் அடிக்கடி இருப்பது இதுதான்.

மூன்றையும் பிரித்துப் பார்க்க உங்களிடம் அருமையான ஒரு கருவி இருக்கிறது: அந்த மூலைத் தேதி. அதை கேமரா படத்தின்மேல் எழுதித்தான் நாடாவில் பதிந்தது. கை எவ்வளவு ஆடினாலும் தேதி அசையக்கூடாது. எந்த வடிகட்டியும் போடாத மூலக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் பாருங்கள். தேதி நின்று படம் ஆடினால் அது கை. தேதியின் எழுத்துகளே ஓரத்தில் நடுங்கினால் அது நாடா.

அப்புறம் ஒரு கேள்வி: இன்டர்லேஸ் நீக்க என்ன கட்டளை கொடுத்தீர்கள்? அப்படியே ஒட்டுங்கள்.

கரைமணல் (#7)

தேதியைப் பார்த்தேன். இத்தனை நாள் அதை ஓர் அழுக்குபோலத்தான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நிற்கிறது, ஆனால் எழுத்துகளின் செங்குத்துக் கோடுகள் சுருக்கம் விழுந்த துணிபோல மெல்ல நடுங்குகின்றன. 4 என்ற எண்ணின் தண்டு நேராகவே இல்லை. படத்தின் உச்சியில் இன்னும் மோசம். அங்கே எல்லாம் வலப்பக்கம் சாய்கிறது.

கட்டளை இது:

```
ffmpeg -i moolam.mkv -vf "bwdif=mode=send_field:parity=bff" -c:v ffv1 -c:a copy padi1.mkv
```

parity=bff என்பது இணையத்தில் ஒரு குறிப்பில் பார்த்துப் போட்டது.

சுருள்நாடா (#8)

நினைத்தேன். bff, அதாவது கீழ் ஃபீல்டு முதலில், என்பது தாழம்பூ வைத்திருப்பதுபோன்ற மினி டிவி கேசட்டுக்குரிய வரிசை. உங்கள் குறிப்பை எழுதியவர் அதை வைத்துத்தான் எழுதியிருப்பார். 576 வரி அனலாக் படத்தை யூஎஸ்பி கருவிகள் பதியும்போது பெரும்பாலும் tff ஆகத்தான், அதாவது மேல் ஃபீல்டு முதலில், வரும்.

இதை ஊகிக்கவேண்டாம், சோதித்துவிடலாம். நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு. ஆக 50 தருணங்கள். வரிசை தவறினால் 1, 2, 3, 4 என்று வரவேண்டியது 2, 1, 4, 3 என்று வரும். padi1.mkv-இல் தங்கை கால் எடுத்து வைக்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கால் முன்னே போய், சற்றுப் பின்வாங்கி, மீண்டும் பெரிதாக முன்னே தாவினால் வரிசை தவறு. ஓடவிட்டுப் பார்த்தால் இது தெரியாது. படம் முழுக்க ஒரு விறைத்த நடுக்கம் இருப்பதாக மட்டும் தோன்றும், அதைக் கையின் ஆட்டம் என்று எண்ணிவிடுவோம்.

இந்த நடுக்கத்தோடு vidstab-க்குக் கொடுத்தால், அது நொடிக்கு 25 தடவை முன்னும் பின்னும் போகும் பொய்யான அசைவை அளந்து, அதைத் திருத்தப் பாடுபடும். நீங்கள் கொடுத்த 100 என்ற எண் அதன்மேல் ஏறிக்கொண்டது. smoothing=100 என்றால் முன்னே 100, பின்னே 100, நடுவில் ஒன்று, மொத்தம் 201 ஃபிரேம்களைப் பார்த்துப் பாதையைச் சீராக்கும். உங்கள் வேகத்தில் அது 4 நொடி. அப்பா கேமராவைத் தங்கையை நோக்கித் திருப்பிய இயல்பான நகர்வையும் சேர்த்து அது கரைத்துவிடும். மிதப்பதற்குக் காரணம் அது.

கரைமணல் (#9)

கால் பின்வாங்குகிறது! ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். இடது பாதம் தரையைத் தொடப் போகிறது, அடுத்ததில் மேலே எழுகிறது, அதற்கடுத்ததில் தரையில் இருக்கிறது. tff போட்டு மறுபடி எடுத்தேன். பாதி ஆட்டம் போயே போய்விட்டது. இத்தனை நாளாக அப்பாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கதவு நிலையின் நெளிவு அப்படியே இருக்கிறது.

சுருள்நாடா (#10)

அது போகாது. அது கோப்பிலேயே பதிந்துவிட்டது. ஒவ்வொரு வரியும் எவ்வளவு விலகியது என்ற தகவல், கணினிக்கு வந்தபின் கிட்டத்தட்ட இல்லை. அதனால் நாடாவை மறுபடி ஓட்டவேண்டும். இந்த முறை விசிஆருக்கும் யூஎஸ்பி கருவிக்கும் நடுவில் டிபிசி, அதாவது டைம் பேஸ் கரெக்டர், இருக்கவேண்டும். வருகிற ஒவ்வொரு வரியையும் அது சிறிது நேரம் தன்னிடம் நிறுத்திவைத்து, சரியான தருணத்தில் வெளியே விடும். சில உயர்வகை எஸ்-விஎச்எஸ் விசிஆர்களில் இது உள்ளேயே இருக்கும். தனியாக வாங்குவது கடினம். ஆனால் பழைய டிவிடி ரெக்கார்டர் கைவசம் இருந்தால், அதில் எதையும் பதியாமல் வெறுமனே வழியாக மட்டும் பயன்படுத்திப் பாருங்கள்: விசிஆரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டை யூஎஸ்பி கருவிக்கு. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ஆகிய இரண்டும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. உச்சியில் படம் சாய்வதை இவை நன்றாக நிமிர்த்திவிடும். எல்லா டிவிடி ரெக்கார்டரும் இதைச் செய்யாது. படத்தைச் சற்று மெழுகிவிடும் குணமும் அவற்றுக்கு உண்டு. நெளிவுக்கு அது பரவாயில்லை என்பது என் கணக்கு.

நடுநிசி (#11)

மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். மறுபடி ஓட்டுவதாக இருந்தால் ஏன் பாதி வேலை? விசிஆருக்குள் ஹெட்டிலிருந்து வரும் மூல ரேடியோ அலையை நேரடியாகப் பதிந்து, பிறகு vhs-decode மென்பொருளில் பிரித்தெடுக்கலாம். டிபிசி வேலையை மென்பொருளே செய்துவிடும். விசிஆரின் பழைய மின்சுற்று படத்தைத் தொடுவதே இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழுதுநீக்கி (#12)

அதற்கு விசிஆரைத் திறந்து, போர்டில் சரியான சோதனைப் புள்ளியைக் கண்டுபிடித்துக் கம்பி பற்றவைக்கவேண்டும். ஒரே ஒரு 26 நிமிட கேசட்டுக்கு, முதல் தடவையே அதில் இறங்கவேண்டாம்.

நடுநிசி (#13)

ஒரே ஒரு கேசட் என்பதால்தானே செய்யவேண்டும்? நூறு இருந்தால் எளிய வழி போதும் என்பேன்.

சுருள்நாடா (#14)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுநிசியின் வழியில் தரம் மேல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நாடா நல்ல நிலையில் ஓடினால்தான் அதுவும். கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் பிறகு ஒருநாள் அதையும் செய்துகொள்ளலாம். இப்போது எடுப்பது கடைசிப் பிரதி ஆகவேண்டும் என்றில்லை.

பழுதுநீக்கி (#15)

கரைமணல் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் சொல்கிறேன். மறுபடி ஓட்டும் முன் ஹெட்டைத் துடையுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாளையோ மான்தோலையோ டிரம்மின் பக்கவாட்டில் லேசாகத் தொட்டபடி அசையாமல் பிடியுங்கள். டிரம்மை மற்றொரு கையால் மெல்லச் சுற்றுங்கள். தாள் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், டிரம்தான் சுற்றவேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடையும், பிறகு அந்த விசிஆரே இல்லை. பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். அதன் இழை நுனியில் மாட்டும்.

துடைத்த தாளில் பழுப்பாக ஒரு கோடு வரும். வந்தால் உங்கள் "இரைச்சலில்" ஒரு பங்கு அதுதான்.

இன்னொன்று. கேசட்டை ஓட்டும் முன் கடைசிவரை முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். பல வருடம் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் அப்போதுதான் சீராகும்.

கரைமணல் (#16)

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பழுதுநீக்கி சொன்னபடி துடைத்தேன். தாளில் வந்தது பழுப்பு அல்ல, கறுப்பு. மாமா வீட்டுப் பரணில் இஎஸ்10 அல்ல, இஎஸ்15 கிடைத்தது. அதன் வழியாக மறுபடி எடுத்தேன்.

கதவு நிலை நேராக நிற்கிறது! தேதியின் 4 இப்போது 4 மாதிரி இருக்கிறது. பொரியும் கணிசமாகக் குறைந்துவிட்டது. இன்னும் எந்த வடிகட்டியும் போடவில்லை.

இப்போது மிஞ்சியிருப்பது உண்மையாகவே அப்பாவின் கைதான். vidstab-க்குப் போகலாமா?

சுருள்நாடா (#17)

இப்போது போகலாம். மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

படத்தின் இரு ஓரமும் கறுப்புப் பட்டை, அடியில் கிழிந்ததுபோல் சில வரிகள் இருக்கும். அந்த அடிவரிகள் ஹெட் மாறும் இடம். எல்லா விஎச்எஸ் நாடாவிலும் உண்டு, கோளாறல்ல. ஆனால் இவை எல்லாம் அசையாமல் நிற்பதால், அசைவை அளக்கும்போது "ஒன்றும் நகரவில்லை" என்று பொய்ச்சாட்சி சொல்லும். உங்கள் தேதியும் அதே பொய்ச்சாட்சிதான். ஓரங்களை முதலில் வெட்டிவிடுங்கள். தேதியை வெட்டமுடியாது, அது சின்னதாக இருப்பதால் பெரிய பாதகமில்லை.

அடுத்தது, 26 நிமிடத்தையும் ஒரே கோப்பாகக் கொடுக்காதீர்கள். அப்பா நிறுத்தி நிறுத்தி எடுத்திருப்பார். ஒவ்வொரு காட்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், ஏதோ ஓர் இடத்தில் கை பெரிதாக உதறியதற்காக, ஓரத்தில் கறுப்பு தெரியக்கூடாது என்று மென்பொருள் எல்லாக் காட்சிகளையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். விஎச்எஸ்ஸில் இருப்பதே குறைந்த விவரம். அதைப் பெரிதாக்கினால் மிஞ்சுவது களிதான்.

```
ffmpeg -i kaatchi.mkv -vf "bwdif=mode=send_field:parity=tff,crop=688:560:16:2" -c:v ffv1 -c:a copy a.mkv
ffmpeg -i a.mkv -vf "hqdn3d,vidstabdetect=shakiness=5:result=a.trf" -f null -
ffmpeg -i a.mkv -vf "vidstabtransform=input=a.trf:smoothing=15:optzoom=0:crop=black" -c:v ffv1 -c:a copy b.mkv
```

மூன்றாவது, இரண்டாம் வரியில் hqdn3d இருப்பதைப் பாருங்கள். பொரி இருக்கும் படத்தில் அசைவை அளந்தால், பொரியையும் அசைவென்று எண்ணி அளவு தடுமாறும். எனவே பொரி நீக்கிய படத்தில் அளந்து, அந்த அளவைப் பொரி நீக்காத மூலப்படத்தின்மேல் போடுகிறோம். உண்மையான இரைச்சல் நீக்கம் அதற்குப் பிறகு. படம் நின்றபின் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். அப்போது அதே hqdn3d குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்யும்.

smoothing=15 என்றால் 31 ஃபிரேம், முக்கால் நொடிக்கும் குறைவு. நடுக்கம் போகும், திரும்பும் நகர்வு தங்கும்.

வெயிலோன் (#18)

நான் எப்போதும் இரைச்சலை முதலில் நீக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் செய்வேன். எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. ரோலிங் ஷட்டர் விஷயத்தில் நான் சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இதில் இல்லை.

சுருள்நாடா (#19)

முக்காலியில் வைத்து எடுத்த படத்துக்கு உங்கள் வரிசையும் சரிதான், வெயிலோன். ஆடும் படத்தில் hqdn3d போட்டால், அது பக்கத்து ஃபிரேமின் அதே இடத்தைத்தான் சேர்த்து எடுக்கும், அசைவைப் பின்தொடராது. கண் இமை இருந்த இடத்தில் அடுத்த ஃபிரேமில் நெற்றி இருக்கும், இரண்டும் கலந்து முகம் மெழுகாகிவிடும். அசைவைப் பின்தொடரும் வேறு வடிகட்டிகளைப் போட்டால் இந்தக் கவலை குறையும்.

கரைமணல் (#20)

நான்கு காட்சி முடித்தேன். வெளியே, வெயிலில் எடுத்த மூன்றும் நம்பமுடியாத அளவுக்கு வந்திருக்கின்றன. நான்காவதுதான் தங்கை நடக்கும் காட்சி. அது மாலையில், வீட்டுக்குள், ஒரே ஒரு விளக்கில் எடுத்தது. அதில் படம் நிற்கிறது, ஆனால் நின்ற இடத்திலேயே தெளிவாகவும் மங்கலாகவும் மாறி மாறி வருகிறது. மூச்சு விடுவதுபோல.

சுருள்நாடா (#21)

அதை ஒன்றும் செய்யமுடியாது. குறைந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஷட்டர் 1/50 நொடி முழுவதும் திறந்திருந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை உதறியதால், அந்த ஃபீல்டே இழுபட்டுப் பதிந்துவிட்டது. மூலப்படத்தில் படமும் சேர்ந்து ஆடியதால் அந்த இழுப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இடத்தை நிறுத்தியதும் தெரிகிறது. smoothing-ஐ 5-க்கு இறக்கிப் பாருங்கள். கொஞ்சம் ஆட விடுங்கள். ஆட்டமும் மங்கலும் சேர்ந்து போனால் கண் மன்னித்துவிடும்.

தாழம்பூ (#22)

சுருள்நாடா அண்ணா, அந்த ஒரு காட்சியை அப்படியே விட்டுவிடக்கூடாதா? அப்பா எப்படிப் பிடித்தாரோ அப்படியே இருக்கட்டுமே. எங்கள் வீட்டுப் படங்களில் நான் எதையும் தொடவில்லை.

சுருள்நாடா (#23)

விடலாம் அம்மா. எப்படியும் எந்த வடிகட்டியும் படாத மூலக் கோப்பை அழிக்கக்கூடாது. ஆனால் விருந்தினர் முன்னே பெரிய திரையில் போட்டால் நாலு நிமிடத்தில் தலை சுற்றும். பார்க்க ஒன்று, வைத்திருக்க ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதுதான் என் பழக்கம்.

கரைமணல் (#24)

5 போட்டேன். தேவலை. தேதி மட்டும் இன்னும் ஆடுகிறது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். அப்பா அந்தத் தேதியை அழிக்கவேண்டும் என்கிறார், தங்கை கூடாது என்கிறாள். அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

நிறத்துக்கு வருகிறேன். 30 வருடத்தில் நாடாவின் சாயம் போய்விட்டது என்று நினைக்கிறேன். வெளியே எடுத்தவை எல்லாம் நீலம். தங்கையின் வெள்ளைக் கவுன் ஒரே வெள்ளைத் திட்டாக இருக்கிறது, மடிப்பே தெரியவில்லை. நிறத்தைக் கூட்டினால் சிவப்பு எல்லாம் பொரிந்துகொண்டு வெளியே கசிகிறது.

சுருள்நாடா (#25)

நாடாவில் சாயமே கிடையாது. புகைப்படத்திலும் ஃபிலிமிலும் சாயம் இருக்கிறது, அது வெளுக்கும். நாடாவில் இருப்பது காந்தப் பதிவு. அது பலவீனமானால் பொரி கூடும், நிறம் விட்டுவிட்டு வரும், ஆனால் ஒரு காட்சி மட்டும் நீலமாக மாறாது. நீலத்துக்குக் காரணம் 1994-லேயே நடந்தது: கேமராவின் வெள்ளைச் சமநிலை உள்விளக்குக்கு வைத்தபடி இருந்திருக்கும், அப்படியே வெளியே போய் எடுத்திருப்பார்.

அதனால் முழு கேசட்டுக்கும் ஒரே திருத்தம் போடாதீர்கள். காட்சிக்குக் காட்சி, அதில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்திருக்கவேண்டிய ஒரு பொருளைத் தேடுங்கள். அது சரியாகும்வரை நீலத்தை இறக்குங்கள். கவுன் அதற்கு ஆகாது; அது ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. தேதியும் ஆகாது, அது கேமராவே எழுதியதால் எப்போதும் வெள்ளைதான்.

கவுனின் மடிப்பு போனது வேறு கதை. உங்கள் மென்பொருளில் ஹிஸ்டோகிராம் பாருங்கள். வலக்கோடியில் ஒரு குச்சி நட்டதுபோல் நிற்கிறதா?

கரைமணல் (#26)

நிற்கிறது. 255-இல் ஒரு கம்பம்.

சுருள்நாடா (#27)

அப்படியானால் மடிப்பு நாடாவில் இருக்கலாம். யூஎஸ்பி கருவி அதை வெட்டியிருக்கிறது. வீடியோவில் கறுப்பு 16-இலும் வெள்ளை 235-இலும் இருப்பது முறை. வீட்டுக் கேமராக்கள் 235-ஐத் தாண்டிப் பதிவது சாதாரணம். கருவி தன் பங்குக்குக் கொஞ்சம் தூக்கினால் 255-இல் முட்டி நிற்கும், அதற்குமேல் எல்லாம் ஒரே வெள்ளை. பதிந்தபின் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும், அவ்வளவுதான். பதியும் மென்பொருளில் கருவியின் அமைப்புகளைத் திறந்து, கான்ட்ராஸ்டைக் குறைத்து, கவுன் வரும் இடத்தை ஓட்டியபடியே அந்தக் கம்பம் மறையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு மறுபடி பதியுங்கள். மூன்றாவது தடவை, தெரியும். திட்டாதீர்கள்.

சிவப்பு கசிவது விஎச்எஸ்ஸின் பிறவிக்குணம். படத்தின் குறுக்கே, வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 240 கோடு அளவுக்கு விவரம் பதியும்; நிறத்துக்கு 40 அளவுதான். நிறம் என்பது அங்கே பெரிய தூரிகையால் அடித்த பூச்சு. அதன் இரைச்சலும் பெரிய பெரிய திட்டாக வரும். நிறத்தை உயர்த்தும் முன், நிறத்தின் இரைச்சலை மட்டும் நீக்குங்கள். `hqdn3d=2:4:4:8` என்று கொடுத்தால் வெளிச்சத்தை லேசாகவும் நிறத்தைப் பலமாகவும் தேய்க்கும். பலமாகத் தேய்ப்பதில் நிறத்துக்கு நஷ்டமில்லை, அங்கே இழக்க விவரம் இல்லை. கையசைவின் பின்னால் நிறம் வால்போல் இழுபட்டால் கடைசி எண்ணைக் குறையுங்கள். அதன்பிறகு நிறத்தைக் கூட்டினால் பத்து பதினைந்து சதவீதம்வரை தாங்கும்.

நடுநிசி (#28)

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மூல அலையை ஒரு தடவை பதிந்திருந்தால் இந்த மூன்றாவது ஓட்டம் தேவைப்பட்டிருக்காது. வெள்ளை அளவைப் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் பிரித்திருக்கலாம்.

பழுதுநீக்கி (#29)

அது உண்மை. இந்த ஒன்றில் உங்கள் பக்கம் வருகிறேன்.

கரைமணல் (#30)

கான்ட்ராஸ்ட் இறக்கி மறுபடி எடுத்துவிட்டேன். கவுனில் மடிப்பு வந்துவிட்டது. கழுத்துப் பட்டியில் சின்னதாகப் பூ வேலைப்பாடு இருக்கிறது! அம்மாவே மறந்துவிட்டிருந்தார். நீலத்தைக் காட்சிக்குக் காட்சி திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு காட்சியில் பாதியிலேயே நிறம் மஞ்சளாக மாறுகிறது. அங்கே கேமராவே தன் சமநிலையை மாற்றியிருக்கும் என்று ஊகிக்கிறேன். இரண்டு துண்டாக்கித் திருத்துகிறேன், சந்திக்கும் இடம் இன்னும் சரியாக வரவில்லை.

இன்னொரு செய்தி. டிவிடி ரெக்கார்டரை எடுக்கப்போன அதே பரணில் மாமா இன்னொரு கேசட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். மேலே எழுத்து ஒன்றும் இல்லை. இன்றிரவே போட்டுப் பார்க்கப்போகிறேன்.

பழுதுநீக்கி (#31)

போடாதீர்கள். முதலில் கேசட்டின் சன்னல் வழியாக, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பவுடரோ நூலாம்படையோ போல ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது பூஞ்சை. ஒரு தடவை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டும், அடுத்து நீங்கள் போடும் தங்கையின் கேசட்டுக்கும் போகும். பார்த்துவிட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள், காத்திருக்கிறேன்.